டிஸ்சார்ஜ் அன்று அப்ரூவல் தாமதம்: இன்சூரன்ஸ் டெஸ்க்கில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்

கேள்வி: "அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். கேஷ்லெஸ் அப்ரூவல் வந்தது ராத்திரி எட்டரைக்கு. எப்போது கேட்டாலும் 'இன்சூரன்ஸ்காரங்ககிட்ட பெண்டிங்' என்ற ஒரே பதில். கடைசியில் ஒரு நாள் கூடுதல் வாடகையும் சேர்த்து 37,000 ரூபாய் கேட்டார்கள், கட்டிவிட்டு வந்துவிட்டோம். திங்கட்கிழமை திரும்பப் போகலாம் என்றிருக்கிறேன். என்ன கேட்பது? பணம் ஏதாவது திரும்புமா?"

திங்கட்கிழமை போய் "ஏன் லேட்" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு என்ன பதில் சொன்னாலும் உங்களால் சரிபார்க்க முடியாது. "பைனல் பில்லை இன்சூரன்ஸுக்கு எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள்" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு சரியான பதில்தான் உண்டு, அது கம்ப்யூட்டரில் பதிவாகி இருக்கும். நான் மூன்று வருடம் ஒரு டிபிஏவில், அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம் சரிபார்க்கும் நிறுவனத்தில் வேலை செய்தேன். அப்புறம் ஒன்பது வருடம் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

டாக்டர் ரவுண்ட்ஸில் "போகலாம்" என்று சொன்னதும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. அந்த நேரத்தில் இன்சூரன்ஸ் பக்கம் யாருக்கும் எதுவும் தெரியாது. வார்டில் மீந்த மருந்துகளை நர்ஸ் எண்ணி பார்மசிக்கு ரிட்டர்ன் போட வேண்டும், அதை பார்மசி வரவு வைத்தால்தான் பில் மூடும். டியூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி அடிக்க வேண்டும், அதில் சர்ஜன் கையெழுத்து போட வேண்டும். சர்ஜன் அதற்குள் அடுத்த ஆபரேஷனுக்குத் தியேட்டருக்குள் போயிருப்பார். சம்மரி நர்ஸ் ஸ்டேஷனில் ஒரு கிளிப் போர்டில் செருகிக் கிடக்கும், மத்தியானம் ஒரு மணி, இரண்டு மணி வரைகூட. இவையெல்லாம் முடிந்து, பில்லும் சம்மரியும் ரிப்போர்ட்டுகளும் ஸ்கேன் ஆகி, டிபிஏவின் இணையதளத்தில் ஏற்றப்படுகிற அந்த நிமிடம்தான் முக்கியம். ஏனென்றால் காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே 29-இல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, மருத்துவமனையிடமிருந்து டிஸ்சார்ஜ் அனுமதிக் கோரிக்கை வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதி தர வேண்டும். அதைத் தாண்டித் தாமதமானால், அதனால் மருத்துவமனை கூடுதலாக வாங்கும் தொகையைக் காப்பீட்டு நிறுவனமே, அதுவும் தன் பங்குதாரர் நிதியிலிருந்து, ஏற்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இது உறுதியான விஷயம், தைரியமாக மேற்கோள் காட்டலாம். ஆனால் "வந்து சேர்ந்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்களுடைய பத்தரை மணி நேரமும் இதற்குள் வராது.

இன்னொரு இடைஞ்சல், க்வெரி. பில் போனதும் டிபிஏவில் இருக்கும் டாக்டர் பார்த்துவிட்டு ஏதாவது விளக்கம் கேட்பார். ஆபரேஷன் நோட்ஸ் இல்லை, மருந்து பில் பிரேக்கப் இல்லை, வலி எத்தனை நாளாக என்பது ஓபி சீட்டில் ஒன்றும் சம்மரியில் ஒன்றுமாக இருக்கிறது, இப்படி. க்வெரி வந்தால் பந்து மருத்துவமனை பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். டெஸ்க்கில் அப்போதும் "இன்சூரன்ஸில் பெண்டிங்" என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. நாற்பது ஃபைல் கையில் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் வாயில் வருவது அதுதான். க்வெரி இருந்த நேரத்தை மூன்று மணிக் கணக்கில் சேர்ப்பதா என்பதுதான் இதில் தகராறுக்கு இடமான விஷயம். காப்பீட்டு நிறுவனங்கள் கடைசி ஆவணம் வந்த நேரத்திலிருந்துதான் எண்ணுகின்றன. தேவையில்லாத ஒரு க்வெரியைப் போட்டு நேரத்தை இழுத்தார்கள் என்றால் அதை எதிர்த்து வாதாடலாம், நியாயமான க்வெரி என்றால் வாதாடுவது கஷ்டம்.

ஆக, நேரத்துக்கு நான்கு விஷயம் எழுதி வாங்குங்கள்: பைனல் பில் போன நேரம், க்வெரி வந்த நேரம், அதற்குப் பதில் போன நேரம், அப்ரூவல் வந்த நேரம். டெஸ்க்கில் தர மறுத்தாலும் வழி இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் ஆப்பில் க்ளெய்ம் எண்ணைப் போட்டால் படிப்படியாக நேரம் காட்டும், உங்கள் செல்லுக்கு வந்த எஸ்எம்எஸ்களிலும் இருக்கும், இல்லையென்றால் டிபிஏ கால் சென்டரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு மறைக்க எந்தக் காரணமும் இல்லை, தங்கள் மேல் தப்பில்லை என்றால் சந்தோஷமாகவே சொல்வார்கள்.

எங்கள் டெஸ்க்கில் நடந்த ஒரு கேஸைச் சொல்கிறேன், உங்களுடையதைப் போலவே பித்தப்பை ஆபரேஷன்தான். (தொகைகளை எளிதாகப் புரிய முழு எண்ணாக்கியிருக்கிறேன்.) காலை 10 மணிக்கு டாக்டர் சொன்னார். ஃபைல் மேலே ஏறியது 1.40-க்கு. 2.30-க்கு க்வெரி வந்தது, ஆபரேஷன் குறிப்பில் சர்ஜன் கையெழுத்து இல்லை என்று. சர்ஜன் தியேட்டரிலிருந்து வெளியே வந்து கையெழுத்துப் போட்டு நாங்கள் பதில் அனுப்பியபோது 6.10. இரவு 8 மணிக்கு அப்ரூவல் வந்துவிட்டது. கூட்டிப் பாருங்கள். காப்பீட்டுப் பக்கம் எடுத்துக்கொண்டது முதலில் 50 நிமிடம், அப்புறம் 1 மணி 50 நிமிடம், மொத்தம் 2 மணி 40 நிமிடம். மீதி 7 மணி 20 நிமிடம் எங்கள் மருத்துவமனையுடையது. அன்று முழுக்க அந்தக் குடும்பத்திடம் இன்சூரன்ஸில் பெண்டிங் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர்கள் காப்பீட்டு நிறுவனத்தின் மேல் புகார் கொடுத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது, ஏனென்றால் கூடுதல் நாள் வாடகைக்குப் பொறுப்பு நாங்கள். நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு வந்து கேட்ட பிறகு பில்லிங் மேனேஜர் அந்த வாடகையைத் திருப்பிக் கொடுத்தார். அதனால்தான் சொல்கிறேன், யார் மேல் கோபப்படுவது என்று முடிவு செய்யும் முன் அந்த நான்கு நேரங்களும் கையில் இருக்க வேண்டும்.

சரி, இப்போது பணத்துக்கு வருவோம். நான் பார்த்தவரை நோயாளி குடும்பங்கள் அதிகமாக இழப்பது இங்கேதான், தாமதத்தில் இல்லை. கட்டச் சொன்ன தொகையை டெஸ்க்கில் எப்படிப் போடுவார்கள் என்றால், மொத்த பில்லிலிருந்து அப்ரூவ் ஆன தொகையைக் கழித்து மீதியை உங்களிடம் கேட்பார்கள். பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் அந்த மீதிக்குள் நீங்கள் கட்ட வேண்டியதும் கட்ட வேண்டாததும் கலந்து கிடக்கும். பிரித்துப் பார்க்க இரண்டு தாள் போதும். ஒன்று வரி வரியாகப் பிரித்த பைனல் பில். இன்னொன்று காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்கு அனுப்பிய இறுதி அனுமதிக் கடிதம். இதைத்தான் முதலில் வாங்குங்கள், பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதில் மொத்த பில், பிடித்தம், டிஸ்கவுண்ட், கோபே அதாவது பாலிசிப்படி நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு, அனுமதித்த தொகை, காப்பீடு பெற்றவர் கட்ட வேண்டிய தொகை என்று தனித்தனியாக இருக்கும்.

அதே கேஸை எடுத்துக்கொள்வோம். 5 லட்சம் பாலிசி, அறை வாடகை வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. அவர்கள் எடுத்தது 6,500 ரூபாய் அறை. மொத்த பில் 1,62,000. அதில் மூன்று நாள் வாடகை 19,500. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 78,000. மருந்தும் சாதனங்களும் 38,500. லேப், ஸ்கேன் 14,000. தாமதத்தால் ஏறிய ஒரு நாள் வாடகை 6,500. பதிவுக் கட்டணம், உடனிருந்தவர் சாப்பாடு போன்ற பாலிசியில் வராத செலவுகள் 5,500. அனுமதித்தது 1,21,500. மீதி 40,500-ஐக் கட்டிவிட்டுப் போனார்கள்.

இந்த 40,500-இல் அறை வாடகை வித்தியாசம் மூன்று நாளுக்கு 4,500. அது அவர்கள் தலையில்தான், கேள்வியே இல்லை. அடுத்து 18,000 விகிதாசாரப் பிடித்தம். வரம்புக்கு மேல் அறை எடுத்தால் வாடகை வித்தியாசத்தோடு விடமாட்டார்கள், டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் 6,500-க்கு 5,000 என்ற அதே விகிதத்தில் குறைப்பார்கள்; 78,000 என்பது 60,000 ஆகிவிடும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வித்தியாசம்தானே என்று எடுக்கும் அறை இப்படித்தான் பல மடங்காக வந்து நிற்கிறது. பாலிசியில் அப்படி விதி இருந்தால் இதுவும் சரியான பிடித்தமே. வராத செலவுகள் 5,500-உம் சரி. ஆக அவர்கள் உண்மையில் கட்ட வேண்டியது 28,000.

மிச்சம் 12,500 எங்கே போனது? 6,500 அந்தக் கூடுதல் நாள், மேலே சொன்னது. இன்னொரு 6,000, டிஸ்கவுண்ட். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மருத்துவமனைக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கும், அதன்படி மருத்துவமனை தன் பில்லில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய ஒப்புக்கொண்டிருக்கும். அனுமதிக் கடிதத்தில் அது டிஸ்கவுண்ட் என்று தனி வரியாகக் கழிக்கப்பட்டிருக்கும். அந்தப் பணத்தை மருத்துவமனை யாரிடமும் வாங்கக் கூடாது, அது அவர்கள் விட்டுக்கொடுத்தது. ஆனால் மொத்த பில்லில் அப்ரூவ் ஆனதைக் கழித்தால் இந்த டிஸ்கவுண்டும் மீதிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், நோயாளியிடம் வசூலாகிவிடும். கவனக்குறைவால் நடப்பதும் உண்டு, தெரிந்தே நடப்பதும் உண்டு. எப்படியானாலும் தப்பு. அட்மிஷன் அன்று நீங்கள் கையெழுத்துப் போட்ட கேஷ்லெஸ் படிவத்தில் மருத்துவமனையின் உறுதிமொழியும் ஒரு பகுதி. பாலிசியில் அனுமதிக்கப்படாத செலவுகளைத் தவிர வேறு எதையும் டெபாசிட்டிலிருந்து பிடிக்க மாட்டோம், ஒப்புக்கொண்ட கட்டணத்துக்கு மேல் வாங்கினால் காப்பீட்டு நிறுவனம் எங்களிடமிருந்து வசூலிக்கலாம் என்று அவர்களே அதில் ஒப்புக்கொடுத்திருக்கிறார்கள். டெஸ்க்கில் அந்தப் பகுதியைக் காட்டிக் கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும்.

விகிதாசாரப் பிடித்தத்திலும் ஒன்றைச் சரிபாருங்கள். மருந்து, சாதனங்கள், உடலில் பொருத்தும் பொருட்கள், லேப் மற்றும் ஸ்கேன் செலவு, இவற்றில் அந்த விகிதப் பிடித்தம் கூடாது என்பது ஐஆர்டிஏஐயின் விதி. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. அறைக்குத் தகுந்தபடி டாக்டர் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனை என்றால் அந்தப் பிடித்தமே செல்லாது. சில நேரம் டிபிஏவில் மொத்த பில்லுக்கும் ஒரே விகிதத்தைப் போட்டுவிடுவார்கள். மேலே சொன்ன கேஸில் மருந்துக்கும் அப்படிப் போட்டிருந்தால் கிட்டத்தட்ட 8,900 ரூபாய் அநியாயமாகப் போயிருக்கும். இது காப்பீட்டு நிறுவனத்தின் தவறு, மருத்துவமனையிடம் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. அவர்களுக்கே மறுபரிசீலனை கேட்டு எழுத வேண்டும்.

உங்கள் 37,000-இல் எவ்வளவு திரும்பும் என்று பில்லையும் கடிதத்தையும் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது, அப்படி யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். உங்கள் பாலிசியில் அறை வாடகை வரம்பே இல்லாமல் இருக்கலாம், கோபே இருக்கலாம், டிஸ்கவுண்டைக் கழித்துவிட்டே உங்களிடம் கேட்டிருக்கலாம். ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான்: அனுமதிக் கடிதத்தில் "காப்பீடு பெற்றவர் கட்ட வேண்டியது" என்று இருக்கும் தொகையையும் உங்கள் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரசீது அதிகமாக இருந்தால் அந்த வித்தியாசத்துக்கு மருத்துவமனை விளக்கம் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிடித்தங்களுக்கு எழுதியிருக்கும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டும். அட்மிஷன் அன்று அட்வான்ஸ் கட்டியிருந்தால் அது இந்தத் தொகையில் கழிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், அட்வான்ஸ் ரசீதை மறந்து போகிறவர்கள் நிறைய.

திங்கட்கிழமை காலை நெரிசல் இருக்கும், டிஸ்சார்ஜ் ஃபைல்கள் குவிகிற நேரம் அது. மூன்று மணிக்கு மேல் போனால் டெஸ்க்கில் இருப்பவர் உங்களோடு உட்கார்ந்து பார்ப்பார். அவரிடம் பணம் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் கிடையாது, அதனால் அவரிடம் கோபத்தைக் காட்டாமல் தாள்களை மட்டும் வாங்கிக்கொண்டு, கேட்கும் தொகையை எழுத்தில் பில்லிங் மேனேஜருக்குக் கொடுங்கள். "க்ளெய்ம் எண் இது. அனுமதிக் கடிதத்தில் டிஸ்கவுண்ட் இவ்வளவு, அது என்னிடம் வசூலாகியிருக்கிறது. பைனல் பில் இத்தனை மணிக்குத்தான் அனுப்பப்பட்டது, க்வெரிக்குப் பதில் இத்தனை மணிக்கு. ஆகவே கூடுதல் நாள் வாடகையையும் டிஸ்கவுண்ட் தொகையையும் திருப்பித் தரவும்." இவ்வளவு போதும். நகலில் சீல் வாங்குங்கள், அதையே மெயிலாகவும் அனுப்பி காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு பிரதி போடுங்கள். ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனத்துக்கும் பிரதி போயிருக்கிறது என்று தெரிந்தால் மருத்துவமனை சீக்கிரம் பதில் சொல்லும், எங்கள் இடத்தில் அப்படித்தான் நடந்தது.

தாமதம் காப்பீட்டுப் பக்கம்தான் என்று நேரக் கணக்கு காட்டினால் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் bimabharosa.irdai.gov.in தளத்தில் புகாரைப் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே தராமல் விட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஆனால் அவர் காப்பீட்டு நிறுவனத்தின் மேல்தான் விசாரிப்பார், மருத்துவமனை மேல் இல்லை. மருத்துவமனை தர மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். இதெல்லாம் சொந்தமாக எடுத்த பாலிசிக்கும் கம்பெனி குரூப் பாலிசிக்கும் சொன்னது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வந்தவர்களுக்கு நடைமுறை வேறு.

அப்புறம், அங்கே போகிற அன்றே டிஸ்சார்ஜ் சம்மரியிலும் பைனல் பில்லிலும் சீல் போட்ட நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அட்மிஷனுக்கு முன்னால் வெளியே எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, இனி வாங்கப்போகும் மருந்து, தையல் பிரிக்கப் போகும்போது கொடுக்கும் டாக்டர் கட்டணம், இவை கேஷ்லெஸ்ஸில் சேர்ந்திருக்காது. பெரும்பாலான பாலிசிகளில் அவற்றைத் தனியாக க்ளெய்ம் பண்ணலாம், எத்தனை நாள் வரை என்பது பாலிசியில் எழுதியிருக்கும். எடுத்த பித்தப்பையை பயாப்ஸிக்கு அனுப்பியிருப்பார்கள், அந்த ரிப்போர்ட் வர சில நாட்கள் ஆகும். திங்கட்கிழமை வந்திருக்கிறதா என்று லேப்பில் கேட்டு அதையும் வாங்கி சர்ஜனிடம் காட்டிவிடுங்கள்.